18,722, 9,280, 11,125: ஒரே காருக்கு மூன்று கொட்டேஷன்

போன நவம்பரில் அக்கா வீட்டுக்காரர் கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்க மூன்று இடத்தில் விலை கேட்டு வைத்திருந்தார். சத்துவாச்சாரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எந்தப் பொருளுக்கும் நாலு கடையில் விசாரித்து வாங்கும் ஆள். கார் வாங்கிய ஷோரூமில் 18,722 ரூபாய். வெப்சைட்டில் 9,280. காட்பாடியில் இருக்கும் தெரிந்த ஏஜென்ட் போனில் சொன்னது 11,125. "ஒரே வண்டி மச்சான், எப்படி இவ்ளோ வித்தியாசம்? வெப்சைட்டுலயே கட்டிடலாமா?" என்று கேட்டார்.

நான் மோட்டார் கிளெய்ம் சர்வேயர் ஒருவரிடம் பதினோரு வருஷம் உதவியாளராக இருந்தவன். அந்த வேலையில் பார்த்ததெல்லாம் பணம் கட்டிய பிறகு நடக்கும் கதைதான். "எனக்கு இது கிடையாதா? கட்டும்போது சொல்லலையே!" என்று ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பவர்களில் பாதிப் பேர் கையில் இருக்கும் பாலிசியிலேயே அது எழுதியிருக்கும். அதனால் மாமாவிடம், "மொத்தத்தை விடுங்க மாமா, மூணுக்கும் பிரிச்சுப் போட்ட தாளை வாங்குங்க" என்றேன். ஷோரூமும் வெப்சைட்டும் உடனே தந்துவிட்டன. ஏஜென்டிடம் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

வண்டி 1,197 சிசி பெட்ரோல் கார், டிஎன் 23 பதிவு, 2022 நவம்பரில் வாங்கியது. இதுவரை ஒரு கிளெய்மும் இல்லை.

மாமாவின் முதல் கோபம் ஷோரூம் மேல். போன வருஷம் அதே ஷோரூமில் பத்தாயிரத்து ஐந்நூறு கட்டியிருக்கிறார். இந்த வருஷம் வண்டி பழசாகியும் தொகை ஏறியிருக்கிறது. இதில் ஒரு பகுதிக்கு ஷோரூம் காரணமில்லை. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் கார் வாங்கும்போது மூன்று வருஷத்துக்கான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஆனது. அதனால் இரண்டாவது, மூன்றாவது வருஷம் நாம் கட்டுவது சொந்தச் சேதத்துக்கு மட்டும். அதை ஓ.டி. என்பார்கள். மூன்று வருஷம் முடிந்ததும் தேர்டு பார்ட்டி தொகை திரும்ப வந்து உட்காரும். 1,000 சிசிக்கு மேல் 1,500 வரையுள்ள காருக்கு 3,416 ரூபாய், வரியோடு 4,031. 2022 ஜூன் 1 முதல் இருக்கும் விகிதம் இது. அரசு நிர்ணயிப்பது, எந்தக் கம்பெனிக்கும் ஒரே தொகை. இதில் தள்ளுபடி தருகிறோம் என்று யாராவது சொன்னால், எந்த வரியில் என்று கேளுங்கள். மூன்று தாளிலும் இந்த ஒரு எண் மட்டும் அப்படியே ஒத்துப்போனது.

மீதி எல்லாமே மாறும் எண்கள். ஷோரூம் தாளை மேலிருந்து கீழே அப்படியே தருகிறேன், ஏனென்றால் மூன்றில் அதுதான் முழுசாக இருந்தது. இதில் ஐ.டி.வி. என்பது வண்டிக்குப் போடும் மதிப்பு, என்.சி.பி. என்பது கிளெய்ம் போடாததற்குத் தரும் போனஸ், ஆட்-ஆன் என்பது கூடுதல் காப்பு.

ஐ.டி.வி. 4,50,000
அடிப்படை ஓ.டி. பிரீமியம் 14,360
ஓ.டி. டிஸ்கவுண்ட் 40%: கழிவு 5,744
என்.சி.பி. 35%: கழிவு 3,016
மிச்ச ஓ.டி. 5,600
ஆட்-ஆன்கள் 6,200
தேர்டு பார்ட்டி 3,416
உரிமையாளர் விபத்துக் காப்பு 350
டிரைவர் பொறுப்பு 50
பயணிகள் விபத்துக் காப்பு 250
நெட் பிரீமியம் 15,866
ஜி.எஸ்.டி. 18%: 2,856
மொத்தம் 18,722

இந்த 14,360 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி மர்மம் தீர்ந்துவிடும். 2002-இல் வந்த மோட்டார் டாரிஃப் என்ற கட்டண அட்டவணையில், ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட, 1,000 முதல் 1,500 சிசி காருக்கு ஐ.டி.வி.யில் 3.191 சதவீதம் என்று இருக்கும். சென்னை, பெங்களூரு போன்ற எட்டுப் பெருநகரங்களில் பதிவான வண்டிக்கு 3.283. வேலூர் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் நமக்குக் குறைந்த விகிதம். ஓ.டி. விலையை 2007-இலேயே கம்பெனிகளின் விருப்பத்துக்கு விட்டாயிற்று. ஆனாலும் பல கம்பெனிகள் அந்தப் பழைய எண்ணை முதலில் எழுதி, அதிலிருந்து 40, 60, 65 என்று கழித்துக் காட்டுகின்றன. ஆக, டிஸ்கவுண்ட் என்று பெரிதாகப் போட்டிருப்பது உண்மையில் அந்தக் கம்பெனி கேட்கும் விலைதான். ஆடித் தள்ளுபடியில் முதலில் ஒட்டியிருக்கும் விலையைப் போல. 65 சதவீதம் என்றதும் மயங்க வேண்டாம், 40 என்றதும் கோபப்பட வேண்டாம். கழித்த பிறகு நிற்கும் எண்ணைப் பாருங்கள்.

இதோடு ஒட்டி இன்னொன்று. மாமா, "40-ம் 35-ம் சேர்த்தா 75 போகணுமே?" என்றார். போகாது. முதலில் 40 கழியும். மிச்சமிருக்கும் 8,616-இல்தான் 35 கழியும். அதுவும் ஓ.டி.யில் மட்டும். தேர்டு பார்ட்டியை என்.சி.பி. தொடாது, ஆட்-ஆன்களையும் பெரும்பாலும் தொடாது. 35 சதவீதம் போனஸ் என்று சொன்னாலும், பதினெட்டாயிரம் ரூபாய்த் தாளில் அது குறைத்தது மூவாயிரம்தான்.

வரியைப் பற்றியும் வீட்டில் ஒரு சண்டை. "இன்சூரன்ஸுக்கு ஜி.எஸ்.டி.யே எடுத்துட்டாங்கன்னு டி.வி.ல சொன்னாங்களே" என்றாள் அக்கா. 2025 செப்டம்பர் 22 முதல் வரி நீங்கியது தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும். கார் இன்சூரன்ஸுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. நெட் பிரீமியம் முழுவதுக்கும், தேர்டு பார்ட்டி உட்பட, இது விழும். அதனால் நெட் பிரீமியத்தில் 100 ரூபாய் குறைந்தால் கையில் மிஞ்சுவது 118.

இனி வெப்சைட் தாள். 9,280 எப்படி வந்தது?

முதலில் ஐ.டி.வி. அதாவது வண்டி திருடு போனாலோ, சரிசெய்ய முடியாத அளவு நொறுங்கினாலோ கம்பெனி தரும் உச்சத் தொகை. மூன்று வருஷம் தாண்டிய காருக்குப் பட்டியல் விலையில் 40 சதவீதம் கழிப்பது வழக்கம். மாமா காரின் பட்டியல் விலை ஏழரை லட்சம், அதனால் 4,50,000 சரியான எண். வெப்சைட்டில் அது 3,80,000 என்று இருந்தது. பக்கத்திலேயே இழுத்து நகர்த்தும் ஒரு கோடு. அது கீழ்ப்பக்கமாகவே நின்றிருக்கிறது, இவர் கவனிக்கவில்லை. இதை மேலே ஏற்றினால் வரியோடு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டோம்: 1,095 ரூபாய். ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடித்து, வண்டி போனால் எழுபதாயிரம் விடுவது. சாதாரண பம்பர், கதவு ரிப்பேருக்கு ஐ.டி.வி. குறைவாக இருப்பதால் பணம் குறையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய அடி விழுந்தால்தான் இது கடிக்கும். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் முக்கால் பங்கைத் தாண்டினால் மொத்த நஷ்டம் என்று கணக்கு முடிப்பார்கள், ஐ.டி.வி. குறைவான வண்டி அந்தக் கோட்டைச் சீக்கிரம் தாண்டிவிடும்.

இரண்டாவது, "வாலண்டரி டிடக்டிபிள் 5,000" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் ஐயாயிரத்தை நானே போட்டுக்கொள்கிறேன் என்று நாமாகச் சம்மதிப்பது. 1,500 சிசி வரை எல்லோருக்கும் கட்டாயமாகக் கழியும் 1,000 ரூபாய் இதற்கு மேல் தனி. அப்படியென்றால் முதல் ஆறாயிரம் நம் பாக்கெட்டிலிருந்து. இதற்காகக் கிடைத்த குறைப்பு வரியோடு 814 ரூபாய். சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடவே மாட்டேன், போனஸைக் காப்பாற்றுவேன் என்பவருக்கு இது மோசமான பேரம் இல்லை. தெரிந்து எடுத்தால் சரி. மாமாவோ அந்த வரி இருப்பதே தெரியாமல் பணம் கட்டப் போயிருக்கிறார்.

மூன்றாவது, உரிமையாளர் விபத்துக் காப்பு இல்லை. வண்டியின் சொந்தக்காரர் ஓட்டும்போது இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 15 லட்சம் வரை தருவது இது. வேறொரு வண்டியின் பாலிசியிலோ தனியாகவோ அதே 15 லட்சம் காப்பு ஏற்கெனவே இருந்தால், இங்கே வேண்டாம் என்று சொல்லலாம். இரண்டு தடவை கட்டத் தேவையில்லை. வெப்சைட் கேட்டிருக்கிறது. மாமா, "வீட்ல ஸ்கூட்டிக்கு இருக்கே" என்று நினைத்து டிக்கை எடுத்திருக்கிறார். ஸ்கூட்டி அக்கா பெயரில். அந்தக் காப்பு அக்காவுக்குத்தான், இவருக்கு இல்லை. இதை விளக்கும்போது அக்கா பக்கத்திலேயே நின்று சிரித்தாள். தாளில் இது 350, வரியோடு 413.

வெப்சைட்டில் ஜீரோ டெப் இருந்தது, சாலை உதவி இருந்தது, வேறு ஆட்-ஆன் இல்லை. சரி, எந்த ஆட்-ஆன் நமக்கு வேண்டும் என்று முடிவு செய்தால்தானே மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியும்? ஷோரூம் போட்டிருந்த ஆறையும் எடுத்துக்கொண்டோம்: ஜீரோ டெப் 2,700, இன்ஜின் காப்பு 900, கன்ஸ்யூமபிள்ஸ் 450, சாலை உதவி 150, சாவி 500, டயர் 1,500.

ஜீரோ டெப்பைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அது இல்லாத பாலிசியில் மாற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு எந்த வயதிலும் பாதி. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து. மூன்று முதல் நாலு வருஷ வண்டிக்குக் கால் பங்கு. கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை. பள்ளிகொண்டா டோல் வரிசையில் முன்னால் நிற்கும் லாரியை லேசாக முட்டினீர்கள் என்று வையுங்கள். பம்பர் 8,000, ஹெட்லைட் 6,000, பானட் 12,000 என்றால், முதல் இரண்டிலும் பாதி, அதாவது 7,000, பானட்டில் 3,000, ஆகமொத்தம் பத்தாயிரம் நாம் தர வேண்டியது. பெயின்ட் கழிவு இன்னும் சேர்க்கவில்லை. இப்போதைய கார்களின் முகம் முழுக்க பிளாஸ்டிக். 2,700-க்கு இது நியாயமான காப்பு. ஒன்று மட்டும் பாருங்கள்: வருஷத்துக்கு எத்தனை கிளெய்ம் வரை என்று போட்டிருக்கும், பல இடங்களில் இரண்டுதான்.

இன்ஜின் காப்பில் மாமா தயங்கினார். மழைத் தண்ணீரில் நின்றுபோன காரைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு, உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தில் உள்ளே நனைந்த சீட், ஒயரிங் எல்லாம் சாதாரண பாலிசியிலேயே வரும். ஆனால் இந்த இன்ஜின் சேதத்தைப் பின்விளைவு என்று ஒதுக்கிவிடுவார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடிய வாரங்களில் இந்த மாதிரி வண்டிகளை வரிசையாகப் பார்த்தோம். ஒருவர், "நாலே தடவைதான் சார் சாவி போட்டேன்" என்றது இன்னும் காதில் இருக்கிறது. அவருடைய பாலிசியில் இந்தக் காப்பு இல்லை, இன்ஜின் செலவு முழுக்க அவர் தலையில். மாமா மழையிலும் கடைக்கு வண்டி எடுப்பவர், வழியில் தண்ணீர் தேங்கும் இடம் உண்டு. 900 இருக்கட்டும் என்று வைத்தோம். இந்தக் காப்பு இருந்தாலும் நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். அதைக் காரணம் காட்டி மறுக்கும் நிபந்தனை சில பாலிசிகளில் உண்டு, அது எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கன்ஸ்யூமபிள்ஸ் என்பது ஆயில், கூலன்ட், ஏசி கேஸ், நட்டு போல்ட்டு வகையறா. வைத்துக்கொள்ளலாம். சாவி, டயர் இரண்டையும் எடுத்துவிட்டோம். டயர் காப்பு தேய்ந்த டயருக்குத் தராது, பஞ்சருக்கும் தராது. 1,500 கொடுத்து அதை வாங்க மாமாவுக்கு மனசில்லை, எனக்கும் இல்லை. பயணிகள் விபத்துக் காப்பு தலைக்கு ஒரு லட்சம், ஐந்து பேருக்கு 250. மலிவுதான், ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தனியாக விபத்துக் காப்பு இருப்பதால் விட்டோம். டிரைவர் பொறுப்பு 50 ரூபாயை நான் விடச் சொல்லவில்லை. சென்னைக்குப் போகும்போதெல்லாம் மாமா ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்வார்.

ஷோரூம் தாளில் இந்த மூன்றையும் எடுத்ததும் 18,722 என்பது 16,067 ஆனது. வெப்சைட்டில் ஐ.டி.வி.யை ஏற்றி, டிடக்டிபிளை நீக்கி, விபத்துக் காப்பு, டிரைவர் பொறுப்பு, இன்ஜின், கன்ஸ்யூமபிள்ஸ் எல்லாம் சேர்த்ததும் 9,280 என்பது 13,254 ஆகி நின்றது. இரண்டுக்கும் இருந்த ஒன்பதாயிரத்து நானூறு வித்தியாசம் மூவாயிரத்துக்குக் கீழே சுருங்கிவிட்டது. மிச்ச வித்தியாசம் கிட்டத்தட்ட முழுக்க ஓ.டி. டிஸ்கவுண்டில்: அங்கே 40, இங்கே 65.

ஏஜென்ட் தாளுக்கு வருவோம். இரண்டு தடவை கேட்ட பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. ஐ.டி.வி. 4,50,000, டிஸ்கவுண்ட் 60, ஜீரோ டெப், இன்ஜின், கன்ஸ்யூமபிள்ஸ், சாலை உதவி, விபத்துக் காப்பு, டிரைவர் 50. கேட்காமலே நாம் நினைத்த பட்டியல். ஆனால் அவர் போனில் சொன்ன 11,125 நெட் தொகை. வரி 2,002 ரூபாய் ஐம்பது காசு சேர்த்தால் 13,128. ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன்; அந்தத் தொழிலில் எல்லோரும் நெட்டில்தான் பேசுவார்கள். வாங்குபவர்தான் "டாக்ஸோடயா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் மூன்றாவது வரியில் இருந்தது: என்.சி.பி. 45%. மாமாவுக்கு அது கிடையாது. கிளெய்ம் இல்லாத முதல் வருஷம் முடிந்தால் 20, அப்புறம் 25, 35, 45, 50 என்று ஏறும். மூன்று வருஷம் முடிந்தவருக்கு 35. சரிபார்க்க வழி சுலபம்: போன வருஷப் பாலிசியை எடுங்கள், அதில் 25 என்று இருக்கிறதா, அந்த வருஷத்தில் கிளெய்ம் இல்லையா, அப்படியானால் இந்த வருஷம் அடுத்த படி. அதற்கு மேல் ஒரு படி போட்டிருந்தால் அது தவறு.

போனில் கேட்டேன். "சார், எல்லாரும் போடறதுதான். கம்மியாத்தானே ஆகுது உங்களுக்கு" என்றார். எவ்வளவு கம்மி? வரியோடு 678 ரூபாய். இந்த 678-க்குப் பின்னால் நாம் கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதிமொழி இருக்கிறது, எனக்கு இத்தனை சதவீதம் உரிமை உண்டு என்று. கம்பெனி மாறும்போது புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். தப்பு என்று தெரிந்தால் வித்தியாசத்தை மட்டும் கேட்டு விடுபவர்களும் உண்டு, சொந்தச் சேதக் கிளெய்மையே மறுப்பவர்களும் உண்டு. குடியாத்தம் பக்கத்து வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் போட்டுக்கொண்டு போனோம். போனஸ் சரியா என்று பழைய கம்பெனியிடம் கேட்ட கடிதத்துக்குப் பதில் வந்த நாளில் ஃபைல் நின்றது. உரிமையாளருக்கு என்.சி.பி. என்றால் என்னவென்றே தெரியாது. எண்ணைப் போட்டது வேறொருவர், கையெழுத்து அவருடையது.

"35 போட்டுக் குடுங்க சார்" என்று மாமா கேட்டதும் ஏஜென்ட் முகம் சுளிக்கவில்லை, திருத்தி அனுப்பிவிட்டார். இப்போது 13,806.

ஆக ஒரே தராசில் வைத்தால் ஷோரூம் 16,067, ஏஜென்ட் 13,806, வெப்சைட் 13,254. இதில் ஷோரூமுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று மாமா தாளோடு நேரில் போனார். மொத்தத்தைக் குறையுங்கள் என்று கேட்கவில்லை. "ஓ.டி. டிஸ்கவுண்ட் 40 போட்டிருக்கீங்க, வெளிய 60 தராங்க" என்று அந்த ஒரு வரியை மட்டும் காட்டினார். ஐந்து நிமிஷத்தில் 55 ஆனது, மொத்தம் 14,415. தாள் இல்லாமல் போயிருந்தால் "மேனேஜர்கிட்ட பேசி ஐந்நூறு குறைக்கிறேன் சார்" என்பதோடு முடிந்திருக்கும். ஷோரூமில்தான் இன்சூரன்ஸ் போட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை, அங்கேயும் அது தெரியும்.

இனித் தேர்வு. 13,254-க்கும் 13,806-க்கும் இடையே 552 ரூபாய். நான் என்றால் வெப்சைட்டில் எடுத்திருப்பேன், ஏனென்றால் கிளெய்ம் படிவமும் சர்வேயரும் எனக்குப் பழக்கம். மாமாவுக்கு அது சரிவராது. வண்டி இடித்தால் அவர் முதலில் கூப்பிடுவது என்னை, அடுத்தது யாரை? இரவு பத்து மணிக்கு ஆம்பூர் பக்கம் ஹைவேயில் நின்றால் போன் எடுத்து, எந்த ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ் நடக்கும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். வழக்கமாக அவர் வண்டி விடும் ஒர்க்‌ஷாப் அந்தந்தக் கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்று ஒர்க்‌ஷாப்பிலேயே கேட்டோம். ஷோரூமின் கம்பெனியும் ஏஜென்டின் கம்பெனியும் இருந்தன, வெப்சைட்டில் மலிவாக வந்த கம்பெனி இல்லை. அதோடு முடிவாகிவிட்டது. ஷோரூமைவிட அறுநூறு குறைவு, போன் எடுக்கும் ஆள் உண்டு: ஏஜென்ட்.

கட்டும் இடத்தில் இன்னொரு சின்னத் திருப்பம். "என் நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க, கமிஷன்ல முந்நூறு திருப்பித் தரேன்" என்றார் ஏஜென்ட். கமிஷனிலிருந்து வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருவதை இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தடை செய்கிறது. தாளில் இருக்கும் டிஸ்கவுண்ட் வேறு, இது வேறு. அந்த முந்நூறை விடுங்கள், பணம் அவர் கணக்கில் போய், அவர் மறுநாள் கட்டி, நடுவில் பழைய பாலிசி காலாவதியானால் என்ன ஆகும்? வண்டியைப் பார்வையிட்டுத்தான் புதுப்பிப்பார்கள், அந்த இடைவெளியில் நடக்கும் விபத்துக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பில்லை. 90 நாள் தாண்டினால் போனஸும் போகும். கம்பெனியின் பேமென்ட் லிங்க் அனுப்பச் சொன்னோம். லிங்கைத் திறந்ததும் வந்த தொகை 13,806 தானா, மேலே கம்பெனி பெயர் இருக்கிறதா என்று பார்த்து மாமா கட்டினார். ஜி.எஸ்.டி.க்குக் கீழே சர்வீஸ் சார்ஜ் என்று வேறு வரி ஏதும் இல்லை.

கால் மணி நேரத்தில் பாலிசி பி.டி.எஃப். வந்தது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொட்டேஷன் தாளைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக விரலை நகர்த்தினார். ஐ.டி.வி. சரி, 35 சரி, இன்ஜின் இருக்கிறது, டிடக்டிபிள் கட்டாய 1,000 மட்டும். நாமினி இடத்தில் வந்ததும் விரல் நின்றது. ஏஜென்ட் பழைய பாலிசியிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். போன வருஷம் தவறிய பெரியம்மாவின் பெயர். அன்று சாயங்காலமே மாற்றக் கடிதம் போனது, அக்கா பெயரில்.